சப்பாத்துக்குள் ஊறிய பாதம்: வாடைக்கும் குழிக்கும் எதை முதலில் செய்வது?

மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு பூட் போட்டு நிற்பவர்கள், பிறையின் கிடங்குகளில் சரக்கு ஏற்றுபவர்கள், அடுக்ககங்களில் இரவுக் காவல் பார்ப்பவர்கள், உணவகச் சமையலறையில் ரப்பர் பூட்டோடு பாத்திரம் கழுவுபவர்கள் ஆகியோரில் பலருக்கு ஒரே தொல்லை இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றியதும் புளித்து அழுகிய வாடை எழும். காலுறையை உரிக்கும்போது அது பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் ஊசியால் குத்தியதுபோல் சிறு சிறு குழிகள் தெரியும். கோவிலிலும் அடுத்தவர் வீட்டு வாசலிலும் சப்பாத்தைக் கழற்றக் கூசுகிறவர்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. ஃபார்மசிக்குப் போய் "கால் நாற்றத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு, கிடைத்ததை வாங்கி வந்து பூசுகிறார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைக் கிரீமாக இருக்கிறது. பெரும்பாலும் அது சரியான முதல் தேர்வும் அல்ல.

இந்தப் பாதத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் பிட்டெட் கெராட்டோலைசிஸ். இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டெல்லானி இலங்கையில் பணியாற்றிய காலத்தில், 1910இல், இதை வேறொரு பெயரில் முதலில் எழுதிவைத்தார். வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களின் நோய் இது என்பது அப்போதே தெரிந்திருந்தது. இதை உண்டாக்குவது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. கைட்டோகாக்கஸ் செடெண்டேரியஸ் என்ற கிருமியும் கோரினிபாக்டீரியம் வகைக் கிருமிகளும்தான் முக்கியக் காரணம். இவை வெளியிலிருந்து வந்து தாக்குபவை அல்ல. நம் தோலில் சாதாரணமாகவே குடியிருப்பவைதான். பாதம் உலர்ந்திருக்கும்வரை தொல்லை தருவதில்லை.

பாதம் மணிக்கணக்காக ஈரத்தில் ஊறும்போது கதை மாறுகிறது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. மூடிய சப்பாத்துக்குள் அந்த வியர்வைக்குப் போக வழியில்லை. தடித்த மேல்தோல் நீரை உறிஞ்சி வெளுத்து மெத்தென்று ஆகிறது. அப்போது கிருமிகள் பெருகி, தோலின் கடினப் புரதமான கெராட்டினைக் கரைக்கும் நொதிகளை விடுகின்றன. கரைந்த இடங்கள்தான் குழிகள். பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் சேர்ந்து வரைபடத்தில் தீவுகள் போலப் பெரிய பள்ளமாவதும் உண்டு. கரைத்ததை உண்ணும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வெளியாகின்றன. அந்த வாடை அதனால்தான் வியர்வை வாடையைவிடக் கடுமையாக, அழுகலாக இருக்கிறது. எடை தாங்கும் இடங்களில் மட்டும் குழி விழுவதற்கும் காரணம் இருக்கிறது. அங்கேதான் மேல்தோல் தடிமன், அங்கேதான் அழுத்தமும் உராய்வும் அதிகம்.

இதிலிருந்தே எதை முதலில் செய்யவேண்டும் என்பது பாதி தெளிவாகிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்துகள் பல இருக்கின்றன. ஆனால் ஈரத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் பூசினால், மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அதே குழிகள் அதே இடத்தில் வரும்.

முதலில், இது அதுதானா?

குளித்துவிட்டு வந்ததும் பார்ப்பதைவிட, ஒரு வாளியில் சாதாரணத் தண்ணீர் வைத்துப் பாதத்தை ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஊறியதும் தோல் வெளுத்து, உலர்ந்திருந்தபோது தெரியாத குழிகளும் தெளிவாகத் தெரியும். இரண்டு பாதங்களிலும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில், குதிகால், முன்பாத மேடு, விரல்களின் அடிப்பகுதி ஆகியவற்றில் இருந்தால், அரிப்பும் இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் இது அதுதான். சிலருக்கு நீண்ட நேரம் நடந்தபின் எரிச்சலோ வலியோ இருக்கும். பலருக்கு வாடையைத் தவிர வேறு உணர்வே இருக்காது.

பூஞ்சை வேறு விதமாகக் காட்டும். அது விரல் இடுக்கில், அதிலும் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில், அரிப்போடும் உரிந்த தோலோடும் தொடங்கும். சில சமயம் ஒரு காலில் மட்டும், பாதத்தின் ஓரம் முழுவதும் மாவு தூவியதுபோல் செதில் எழும். நகம் தடித்து மஞ்சளாகியிருந்தாலும் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளங்காலில் ஒரே ஒரு கடின மேடு இருந்து, நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்து, இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலித்தால் அது மரு. ஒரே ஆளுக்குக் குழியும் விரல் இடுக்குப் பூஞ்சையும் சேர்ந்தே இருப்பதும் சாதாரணம், ஏனென்றால் இரண்டுக்கும் பிடித்தது அதே ஈரம். அப்படி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை நேரடியாகச் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு. சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் மரத்த உணர்வு உள்ளவர்கள், குழியின் ஆழத்தில் சிவப்போ சீழோ இருப்பவர்கள், பாதம் வீங்கிச் சூடாக இருப்பவர்கள் கீழே சொல்லும் எதையும் வீட்டில் தொடங்கவேண்டாம். முதலில் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

காய வைப்பது: இலவசம், ஆனால் செய்வது கடினம்

எல்லா வழிகளிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். லேசான நிலையில் உலர்வு மட்டுமே குணப்படுத்திவிடும். காலுறை போடாமல் சிலிப்பரில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்த நோய் வந்து யாரும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. விடுமுறையில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் சிலிப்பரோடு இருந்துவிட்டு வருபவர்களுக்குப் பாதம் தானே சரியாவதையும் பார்க்கலாம்.

வேலைக்கு மூடிய சப்பாத்து கட்டாயம் என்றால் கேள்வி இதுதான்: அடுத்த ஷிப்டுக்குள் அது காய்கிறதா? பினாங்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழையில் இன்னும் மோசம். தோலும் நுரையும் துணியும் அடுக்கடுக்காக உள்ள ஒரு பாதுகாப்பு பூட் ஒரே இரவில் உள்வரை காய்ந்துவிடும் என்று நம்பக்கூடாது. கடைசியாகக் காய்வது விரல் முனைப் பகுதி. இரும்பு மூடி இருக்கும் பூட் என்றால் அங்கே காற்றே போவதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும் முன் காய்ந்த செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டி பூட்டின் முனைவரை தள்ளி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். தாள் மொறுமொறுப்பாக வந்தால் சப்பாத்து காய்ந்திருக்கிறது. துவண்டு வந்தால் நேற்றைய வியர்வைக்குள்தான் இன்று கால் வைக்கப் போகிறீர்கள்.

சப்பாத்தை வேகமாகக் காய வைக்க, கழற்றியவுடன் உள்ளே உள்ள மெத்தையை வெளியே எடுத்துவிட வேண்டும். பலரும் செய்யாதது இதுதான். ஈரத்தில் பெரும்பங்கு அதில்தான் தங்குகிறது. நாடாவை முழுவதும் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்ற வேண்டும். பிறகு மேசை விசிறியின் முன் வாய்ப்பகுதி விசிறியைப் பார்க்கும்படி சாய்த்து வைக்கலாம். கொளுத்தும் வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் பசை விட்டு அடித்தளம் பிரியும், தோல் வெடிக்கும். மூடிய சப்பாத்து அலமாரியிலும் வேலையிடத்து லாக்கரிலும் வைப்பது ஈரத்தைப் பூட்டி வைப்பதாகவே முடியும்.

இரண்டாவது ஜோடி வாங்க முடிந்தால் மேலே சொன்ன தொல்லை பெரும்பாலும் குறைந்துவிடும். கிரீமுக்கும் தூளுக்கும் மாதாமாதம் செலவழிக்கும் பணத்தை முதலில் இதில் போடுவது நல்லது. நிறுவனம் ஒரு ஜோடிதான் கொடுக்கும் என்றால், குறைந்தது இரண்டு ஜோடி உள்மெத்தையாவது வைத்துக்கொண்டு மாற்றிப் போடலாம்.

காலுறை பற்றி ஒன்று. மெல்லிய நைலான் காலுறை வியர்வையை உறிஞ்சுவதே இல்லை. பருத்தி உறிஞ்சும், ஆனால் நனைந்தபின் ஈரத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே பருத்திக் காலுறை போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாப்பாட்டு இடைவேளையில் மாற்ற ஒரு ஜோடியைப் பையில் வைத்திருக்க வேண்டும். மாற்றும்போது பாதத்தைத் துண்டால் துடைத்து, சப்பாத்தை அந்த இருபது நிமிடமும் திறந்தே வையுங்கள். காலுறையைச் சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் கிருமி போவதில்லை. கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் 60 பாகையைச் சற்றுத் தாண்டும். அதில் சவர்க்காரத்தோடு அரை மணி ஊறவைத்துவிட்டு, பிறகு மெஷினில் போடலாம்.

கிருமியைக் கொல்ல: பெராக்சைடா, கழுவலா, ஆன்டிபயாடிக்கா?

குழிகள் தெளிவாக இருந்தாலோ ஒட்டும் தன்மை வந்துவிட்டாலோ உலர்வோடு ஒரு மருந்தும் வேண்டும். இங்கே மூன்று தேர்வுகள் நடைமுறையில் இருக்கின்றன.

பென்சாயில் பெராக்சைடு முகப்பருவுக்கு விற்கும் மருந்துதான். இது ஆக்சிஜனை விட்டுக் கிருமியைக் கொல்கிறது. கிருமிகள் இதற்குப் பழகி எதிர்ப்பு வளர்த்துக்கொள்வதில்லை என்பது இதன் மிகப் பெரிய பலம். 5 விழுக்காடு ஜெல் போதும். கழுவித் துடைத்து, விசிறிக்கு முன் ஐந்து நிமிடம் உலரவிட்டு, குழி உள்ள இடங்களில் மிக மெல்லியதாகப் பூசவேண்டும். முதல் மூன்று நாட்கள் இரவில் மட்டும், எரிச்சல் இல்லையென்றால் காலையிலும் இரவிலும். காய்ந்தபின்தான் காலுறை. இதன் குறை, தோல் சிவந்து உரியலாம். அப்படி வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைக்க வேண்டும். இன்னொன்று, இது சாயத்தை வெளுத்துவிடும். கறுப்புக் காலுறையும் நீலத் துண்டும் திட்டுத் திட்டாகும், ஆகவே வெள்ளையே போடுங்கள்.

குளோர்ஹெக்சிடின் 4 விழுக்காடு கழுவல், அறுவைக்கு முன் கை கழுவப் பயன்படும் சிவப்புத் திரவம். தாய்லாந்துக் கடற்படைப் பயிற்சி வீரர்களிடம் இதையும் 5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இரண்டும் உதவின, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. நம் தட்பவெப்பத்தில் பூட் போட்டு நடப்பவர்களிடம் நடந்த சோதனை என்பதால் இதற்கு நான் மதிப்புத் தருகிறேன். பூசிக்கொண்டு காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு இது வசதி. குளிக்கும்போது நனைந்த பாதத்தில் நுரைக்கத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவினால் முடிந்தது. கண்ணிலும் காதிலும் படக்கூடாது. அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். பூசிய இடத்தில் தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போகவேண்டும்.

மூன்றாவது ஆன்டிபயாடிக் பூச்சு: 1 விழுக்காடு கிளிண்டமைசின் திரவம், 2 விழுக்காடு ஃபியூசிடிக் அமிலக் கிரீம், 2 விழுக்காடு எரித்ரோமைசின் ஜெல், மியூபிரோசின் களிம்பு போன்றவை. நாளுக்கு இரண்டு முறை, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம். நன்றாக வேலை செய்யும் மருந்துகள்தான், சந்தேகமில்லை. மலேசியாவில் இவற்றுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட்தான் என்பதால் செலவு பெரிய தடையில்லை. காத்திருக்கும் நேரம்தான் தடை.

அப்படியிருந்தும் இதை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக்கைப் பூசினால், தோலில் உள்ள ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற வேறு கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பின்னாளில் உண்மையான புண் வரும்போது அந்த மருந்து கைவிடும். பெராக்சைடோ கழுவலோ நான்கு வாரத்தில் பலன் தராதபோதும், நடக்கவே வலிக்கும்போதும், குழிகள் சேர்ந்து பெரிய பள்ளமாகிவிட்டபோதும் ஆன்டிபயாடிக் சரியான தேர்வு. அப்போதும் களிம்பைவிடத் திரவமோ கிரீமோ கேளுங்கள். பிசுபிசுக்கும் களிம்பு தோலை மூடி, நாம் போக்க நினைக்கும் ஈரத்தையே உள்ளே வைக்கும். கிளிண்டமைசினை பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் கொடுத்தால் எதிர்ப்பு வளர்வது குறையும், அதனால் அந்தக் கூட்டைக் கேட்டுப் பார்க்கலாம். மாத்திரை இந்த நோய்க்கு அரிதாகத்தான் தேவைப்படுகிறது. கிருமி இருப்பது தோலின் மேலடுக்கில், மருந்தும் நேராக அங்கே போவதே மேல்.

பூஞ்சைக் கிரீமும் மூன்று மருந்துக் கலவையும்

குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற கிரீம்களைப் பூசிச் சிலர் குணமடைவது உண்மைதான். இந்த வகைப் பூஞ்சை மருந்துகளுக்கு இந்தக் கிருமிகளின் மேலும் ஓரளவு செயல் உண்டு. ஆனால் அது பலவீனமான செயல். விரல் இடுக்கில் அரிப்பு இருந்தால் அந்த இடத்துக்கு இதைப் பூசலாம், குழிக்கு இதை நம்பவேண்டாம்.

கவலைப்படவேண்டியது ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒரே குழாயில் வரும் கிரீம். ஒரு முறை எதற்கோ கொடுத்ததை வீட்டில் வைத்திருந்து பாதத்துக்கும் பூசுகிறார்கள். இந்த நோய்க்கு ஸ்டீராய்டால் எந்தப் பயனும் இல்லை. கூடவே பூஞ்சை இருந்தால் சிவப்பையும் அரிப்பையும் அடக்கி, பூஞ்சையை மறைவாகப் பரவவிடும். பிறகு மருத்துவர் பார்க்கும்போது எது எதுவென்று கண்டுபிடிப்பதும் சிரமமாகும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடுவதும் வினிகர் தண்ணீரில் அரை மணி ஊறவைப்பதும் வீட்டில் எல்லோரும் சொல்வது. இவற்றில் எனக்குள்ள தயக்கம் ஒன்றே. ஈரமான பற்றும் நீண்ட ஊறலும் தோலை மறுபடியும் ஊறவைக்கின்றன. வினிகர் திறந்த குழியில் எரியும். டால்கம் பவுடரும் அப்படித்தான், ஏற்கெனவே ஈரமான சப்பாத்துக்குள் அது கட்டியாகிப் போகிறது. காய்ந்த பாதத்தில் மெல்லியதாகத் தூவுவது தவறில்லை, ஆனால் அது உலர்வுக்கு மாற்றாகாது.

வியர்வையே அதிகம் என்றால்

சிலருக்கு வெறும் காலோடு உட்கார்ந்திருக்கும்போதும் பாதம் நனையும். அவர்களுக்கு இரண்டு ஜோடி சப்பாத்தும் போதாது. 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு திரவம் அவர்களுக்கானது. அது வியர்வைக் குழாயின் வாயில் அடைப்பை உண்டாக்கி வியர்வையைக் குறைக்கிறது. உறங்கப் போகும்போது, பாதம் முற்றிலும் காய்ந்தபின் பூசி, காலையில் கழுவவேண்டும். முதலில் வாரம் முழுக்க ஒவ்வொரு இரவும், வியர்வை குறைந்தபின் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ.

இது பலருக்குத் தோற்பது ஒரே காரணத்தால். ஈரத் தோலில் பூசினால் அலுமினியம் குளோரைடு நீரோடு வினைபுரிந்து அமிலமாகிறது, தோல் எரிகிறது, பயந்து விட்டுவிடுகிறார்கள். குளித்த கையோடு பூசாமல், அரை மணி கழித்து விசிறிக்காற்றில் உலர்ந்தபின் பூசுங்கள். குழிகள் எரிச்சலோடு திறந்திருக்கும் நேரத்திலும் தொடங்கவேண்டாம். முதல் இரண்டு வாரம் கிருமிக்கு மருந்து, தோல் ஆறத் தொடங்கியபின் இது என்ற வரிசைதான் நன்றாகப் பொருந்தும். உள்ளங்காலில் போட்டாக்ஸ் ஊசியும் மின்னோட்டத் தொட்டிச் சிகிச்சையும் இதற்குப் பிறகான படிகள். தோல் மருத்துவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டியவை.

ஒருவருக்குப் பொருத்திப் பார்த்தால்

பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்ககத்தில் காவல் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலை ஏழிலிருந்து காலை ஏழுவரை ஷிப்ட், வாரத்தில் ஆறு நாள். நிறுவனம் கொடுத்த கறுப்புத் தோல் பூட் ஒரே ஜோடி. காலை ஏழரைக்கு வீட்டில் கழற்றி, மூடிய அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குகிறார். மாலை ஆறரைக்கு மறுபடி மாட்டுகிறார். அந்த பூட்டுக்குக் காய 11 மணி நேரம்தான், அதுவும் மூடிய பெட்டிக்குள். குதிகாலிலும் முன்பாத மேட்டிலும் இருபது முப்பது குழிகள், வலி இல்லை, விரல் இடுக்கு சுத்தம், சர்க்கரை இல்லை.

இவருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. இரண்டாவது ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு ஜோடிக்கும் 11 மணி 35 மணியாகிறது. பூட் அலமாரிக்கு வெளியே, மெத்தையை எடுத்துவிட்டு, விசிறி முன். நள்ளிரவு இடைவேளையில் காலுறை மாற்றம். காலையில் வீடு திரும்பியதும் பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனித் துண்டால் விரல் இடுக்குவரை துடைத்து, 5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு பூசிவிட்டு வெறும் காலோடு தூங்கலாம். பகலில் தூங்குவதால் மருந்து காலுறைக்குள் போகாமல் பல மணி நேரம் தோலிலேயே இருக்கும். மூன்று நாளில் எரிச்சல் இல்லையென்றால் மாலையிலும் ஒரு முறை, பூட் போடுவதற்கு அரை மணி முன்பாக.

எதை எப்போது எதிர்பார்க்கலாம் என்பதும் முக்கியம், ஏனென்றால் குழி மறையாததைப் பார்த்து நடுவிலேயே மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. முதலில் போவது வாடை, பிறகு ஒட்டும் தன்மை. இவை இரண்டும் முதல் ஓரிரு வாரத்தில் குறையத் தொடங்கவேண்டும். குழிகள் கடைசியில்தான் போகும். கரைந்த தோலை யாரும் ஒட்டவைக்க முடியாது, கீழிருந்து புதுத் தோல் வளர்ந்து வந்துதான் அந்த இடம் நிரம்பும். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். நுரைக்கல்லால் தேய்த்துக் குழியைச் சமப்படுத்த முயல்வது வேண்டாம், புண்ணாக்கிவிடும். ஐந்து நிமிடம் நீரில் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையை வாரம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் செய்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் முன்னேற்றம் தெரியும்.

இரண்டு வாரம் கடந்தும் வாடை சிறிதும் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் செய்தித்தாள் சோதனையை மறுபடி செய்யட்டும். தாள் துவண்டு வந்தால் குறை சப்பாத்தில் இருக்கிறது. தாள் காய்ந்து வந்தும் பாதம் மாறவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய், என்ன பூசினார், எத்தனை நாள் பூசினார் என்பதைச் சொல்லி, தோலைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கக் கேட்கலாம். நான்கு வாரமாகியும் இப்படியே இருந்தால் கிளிண்டமைசின் சீட்டும் கேட்கலாம். குணமானபின் நவம்பர் மழையில் வாடை மீண்டும் தலைகாட்டினால், குழி விழும்வரை காத்திருக்காமல் குளோர்ஹெக்சிடின் கழுவலை இரண்டு வாரம் தினமும் செய்துவிட்டு, பூட்டின் உள்மெத்தையைப் புதிதாக மாற்றிவிட வேண்டும்.